பிரமிடு காட்டும் பள்ளங்கள்

ஒரு நாட்டின் மக்கள்தொகைப் பிரமிடைப் பார்க்கும் பலரும் அதன் மொத்த வடிவத்தோடு நின்றுவிடுகிறார்கள். அடி அகன்றிருந்தால் இளைய நாடு, அடி சுருங்கியிருந்தால் முதிய நாடு. இது பிழையன்று, ஆனால் போதாது. இடப்புறம் ஆண்கள், வலப்புறம் பெண்கள், கீழிருந்து மேலாக வயது என அடுக்கப்பட்ட அந்தப் பட்டைகள், ஏறத்தாழ நூறாண்டு வரலாற்றைத் தம்முள் வைத்திருக்கின்றன. கணக்கெடுத்த ஆண்டிலிருந்து வயதைக் கழித்தால் பிறந்த ஆண்டு கிடைத்துவிடும். அந்த ஆண்டில் என்ன நடந்தது என்று கேட்பதுதான் பிரமிடைப் படிக்கும் முறை.

நான் வகுப்பில் எப்போதும் எடுத்துக்கொண்டது ஜப்பானின் பிரமிடு. 2024-ஆம் ஆண்டுப் படத்தில் இரு புடைப்புகள் தெரிகின்றன. 75 முதல் 77 வயதில் உள்ளது, போர் முடிந்து வீரர்கள் வீடு திரும்பியபின் 1947 முதல் 1949 வரை பிறந்த தலைமுறை. 51 வயதை ஒட்டி உள்ளது அவர்களின் பிள்ளைகள். 1973-இல் மட்டும் 20.9 லட்சம் குழந்தைகள் பிறந்தன.

இவ்விரண்டுக்கும் இடையே, 58 வயதில், கத்தியால் வெட்டியதுபோல ஒரு பள்ளம். அந்த வயதினர் 1966-இல் பிறந்தவர்கள். நம்முடையதைப் போலவே அறுபதாண்டுச் சுழற்சி கொண்ட அங்கத்திய நாட்காட்டியில் அது 'நெருப்புக் குதிரை' ஆண்டு. அவ்வாண்டில் பிறக்கும் பெண் கணவனுக்கு ஆகாதவள் என்ற நம்பிக்கையால் பலர் குழந்தைப்பேற்றைத் தவிர்த்தனர். முந்தைய ஆண்டில் 18.2 லட்சமாக இருந்த பிறப்பு 13.6 லட்சமாகச் சரிந்து, மறு ஆண்டே 19 லட்சத்தைத் தாண்டியது. ஐந்தைந்து வயதாகத் தொகுத்து வரைந்தால் இந்தப் பள்ளம் அண்டை ஆண்டுகளோடு கலந்து மங்கிவிடும். எனவே, ஒற்றை வயதுப் பிரமிடே நம்பத்தக்கது.

ஆனால் அதிலும் ஓர் எச்சரிக்கை உண்டு. இந்தியக் கணக்கெடுப்பில் 30, 40, 50 வயதுப் பட்டைகள் அண்டை வயதுகளைவிடத் துருத்திக்கொண்டு நிற்கும். பிறந்த தேதி தெரியாதவர்கள் வயதை முழு எண்ணாகச் சொல்வதே காரணம். மெய்யான மேடுபள்ளத்தை எப்படி அறிவது? அடுத்த கணக்கெடுப்பைப் பார்க்க வேண்டும். மெய்யான பள்ளம் பத்தாண்டில் பத்து வயது மேலேறும். பொய்யான மேடு அதே வயதிலேயே நிற்கும்.

ஜப்பான் பிரமிடில் எனக்கு முக்கியமாகப் படுவது, அங்கே இல்லாத ஒன்று. 1973-ஐ ஒட்டிப் பிறந்தவர்கள் தாய்மை வயதை எட்டியபோது மூன்றாவது புடைப்பு எழுந்திருக்க வேண்டும், எழவில்லை. 1990-களின் தொடக்கத்தில் பொருளாதாரம் சரிந்து, படிப்பை முடித்த இளைஞர்களுக்கு நிரந்தர வேலை அரிதானது. திருமணங்கள் தள்ளிப்போயின, பல நடக்கவேயில்லை.

இதன் விளைவை எளிய கணக்கில் காணலாம். ஒரு பெண் தன் வாழ்நாளில் சராசரியாகப் பெறும் குழந்தைகளின் எண்ணிக்கை 1973-இல் 2.14, 2024-இல் 1.15. தாய்மார் எண்ணிக்கை மாறாதிருந்து, இந்த விகிதம் மட்டும் குறைந்திருந்தால் 20.9 லட்சம் பிறப்பு ஏறத்தாழ 11 லட்சமாகியிருக்கும். உண்மையில் பிறந்தவை 6.86 லட்சம். மீதிச் சரிவுக்குப் பெரும்பாலும் காரணம், தாய்மை வயதில் இருக்கும் பெண்களே குறைந்துபோனது. நாளையே விகிதம் 2.1-க்கு உயர்ந்தாலும் பிறப்பு 12.5 லட்சம் அளவுக்குத்தான் மீளும். பிறக்காத மகள்கள் தாயாக முடியாது. வெளிநாட்டவர் வந்து குடியேறினாலன்றி, ஏற்கெனவே உருவான பட்டை மேலேறும்போது சுருங்குமே தவிர அகலாது.

இதை நாமும் எண்ணிப்பார்க்க வேண்டியிருக்கிறது. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் இந்த விகிதம் 1.8, பிகாரில் 3.0. 'அதிகக் குழந்தைகளைப் பெறுங்கள்' என்ற குரல் தென்மாநிலங்களில் ஒலிக்கத் தொடங்கிவிட்டது. ஜப்பானில் தவறவிடப்பட்டது அறிவுரை அல்ல. ஒரு பெரிய தலைமுறை இருபதுகளைக் கடந்த அந்தப் பத்துப் பதினைந்து ஆண்டுகள். அப்போது வேலையும் வீடும் கைக்கெட்டியிருந்தால் மூன்றாவது புடைப்பு எழுந்திருக்கக்கூடும்.

2027 கணக்கெடுப்புக்குப் பின் நம் மாநிலத்தின் புதிய பிரமிடு வரும். அப்போது அடிப்பட்டையை மட்டும் பார்த்துக் கவலைப்படுவதைவிட, 20 முதல் 35 வயது வரையிலான பட்டைகளின் அகலத்தை அளந்து, அவர்களுக்கு என்ன வேலை இருக்கிறது என்று கேட்பதே பயன் தரும். அடுத்த அடிப்பட்டை அவர்கள் கையில்தான் இருக்கிறது.