மைத்துனரின் செலவுச் சீட்டில் யார் கையொப்பமிடுவது?

உறவினரைப் பணியில் அமர்த்துவதைச் சட்டம் தடுக்கவில்லை. 2013ஆம் ஆண்டின் நிறுவனங்கள் சட்டம், 188ஆம் பிரிவில், இயக்குநரின் உறவினருக்கு ஊதியப் பதவி அளிப்பதற்கு இயக்குநர் குழுவின் ஒப்புதலைக் கோருகிறது. மாத ஊதியம் 2.5 லட்சம் ரூபாயைக் கடந்தால் பங்குதாரர்களின் ஒப்புதலும் தேவை. ஆனால் அச்சட்டத்தின் உறவினர் பட்டியலில் உடன்பிறந்தோரும் மகளின் கணவரும் உண்டு. மனைவியின் சகோதரர் இல்லை.

ஒரு சிறு நிறுவனத்தில் இயக்குநரின் மைத்துனர் கொள்முதல் மேலாளர் என்று கொள்வோம். அவருடைய விடுப்பு, பயணச் செலவு, ஊதிய உயர்வு அனைத்திற்கும் அந்த இயக்குநரே ஒப்புதல் அளிக்கிறார். ரசீது இல்லாத 18,000 ரூபாய்ச் செலவுச் சீட்டு வந்தால் கணக்கர் மௌனமாக இருந்துவிடுவார். மைத்துனரைக் கேள்வி கேட்பது முதலாளியையே கேட்பதாகிவிடும் அல்லவா? மற்றவர்களின் சீட்டுகள் விளக்கம் கேட்டுத் திரும்பும்போது, ஒருவருடையது மட்டும் ஒருமுறையேனும் திரும்பாததே இதன் அடையாளம்.

எனவே சட்டப் பட்டியலோடு நின்றுவிடாமல், உறவை எழுத்தில் பதிவுசெய்து, ஒப்புதல் அதிகாரத்தை மற்றோர் இயக்குநரிடம் அளிப்பதே முறை. இரு இயக்குநர்களும் ஒரே குடும்பத்தினராயின், அச்சீட்டுகளை வெளித் தணிக்கையாளர் மூன்று மாதங்களுக்கு ஒருமுறை பார்வையிடட்டும். இவ்விதி மைத்துனருக்கும் காவலே: அவர் உழைத்துப் பெறும் உயர்வை உறவின் சலுகை என்று எவரும் சொல்ல இயலாது.