எடுப்பதற்கு முன்

சாவு வீட்டு வாசலில் நான்கு ஆண்கள் செல்பேசியோடு நிற்பார்கள். பங்காளிகளுக்கு ஒருவர், மாமன் மச்சான் வகைக்கு ஒருவர், சம்பந்தி வீடுகளுக்கு மூத்த மகன், ஊர்க்காரர்களுக்கு இன்னொருவர். இறந்தவள் பெண் என்றால் பிறந்த வீட்டுக்கு முதலில் சொல்லியாக வேண்டும். கோடிச் சேலை அங்கிருந்து வரவேண்டும். யார் யாரை அழைப்பது என்று ஒருவரும் உட்கார்ந்து யோசிப்பதில்லை. உறவுமுறையே பட்டியல். அதில் அவளுக்கு அண்ணன் உண்டு, தம்பி உண்டு. தோழி கிடையாது.

இழவு சொல்லும் வேலை இங்கே எப்போதும் அதிகாரத்தின் கையில்தான் இருந்திருக்கிறது. ஊர் ஊராக நடந்துபோய்ச் சொல்வதைக் கிராமங்கள் தலித்துகளின் மேல் கட்டாய வேலையாகச் சுமத்தின. எந்தெந்த வீட்டுக்குச் சொல்வது என்று தீர்மானித்தவர்கள் வேறு. செல்பேசி வந்து அந்த நடையை ஒழித்தது. தீர்மானிக்கிற இடத்தை அது தொடவில்லை.

இதை ஏன் இத்தனை கோபத்தோடு எழுதுகிறேன் என்றால், நம்மில் பெரும்பாலான சாதிகளில் பெண்கள் சுடுகாட்டுக்குப் போவதில்லை. பிணம் வீட்டைவிட்டு நகரும் வரைதான் அவர்களுக்கு நேரம். காலையில் இறந்தால் மாலைக்குள் எடுத்துவிடுகிறோம். ஆகவே ஒரு தோழிக்கு ஒன்பது மணிக்குச் சொல்வதும் ஒரு மணிக்குச் சொல்வதும் ஒன்றல்ல. ஒன்பது மணிக்குச் சொன்னால் அவள் முகம் பார்ப்பாள். ஒரு மணிக்குச் சொன்னால் கழுவிவிட்ட வாசலைப் பார்ப்பாள்.

என் பெரியம்மா சத்துணவு அமைப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். விடிகாலை இறந்தார், மூன்று மணிக்கு எடுப்பதாக முடிவானது. மகன்கள் தங்கள் தங்கள் போனிலிருந்து அழைத்துக்கொண்டிருந்தார்கள். பெரியம்மாவின் பட்டன் போன் பீரோ மேல் கிடந்தது. அதை அவருடைய இளைய மருமகளும் நானும் எடுத்துக்கொண்டோம்.

பெயர் வரிசையாகப் பார்த்தால் ஒன்றும் விளங்காது. ‘கவின் அம்மா’, ‘பால் மீனா’, ‘பஸ் செல்வி’ என்று அவருக்கு மட்டுமே புரிகிற பெயர்கள். அழைப்புப் பதிவுதான் உண்மையைச் சொன்னது. ‘பஸ் செல்வி’க்கு ஏறக்குறைய தினமும் மாலையில் ஓர் அழைப்பு. வேலைக்குப் போன காலத்தில் ஒரே பேருந்தில் போய்வந்தவராம். இப்போது இரண்டு மணி நேரப் பயணத்தில் இருக்கிறார். வீட்டில் யாருக்கும் அவரைத் தெரியாது. “இவங்களுக்கெல்லாம் எதுக்கு? போஸ்டர் பாத்துத் தெரிஞ்சுக்குவாங்க” என்றார் மூத்த அண்ணன். நம் தெருமுனைச் சுவரொட்டி செல்வியின் ஊரில் ஒட்டப்படுவதில்லை.

தூரத்தில் இருப்பவர்களையும் அடிக்கடி பேசியவர்களையும் முதலில் வைத்தோம். பால், கேஸ், மருந்துக் கடையெல்லாம் பிறகு. ஒரு நோட்டில் பெயர், அழைத்த நேரம், எடுத்தாரா என்று மருமகள் குறித்துக்கொண்டே வந்தாள். இல்லாவிட்டால் ஒருவருக்கு இரண்டு முறை சொல்வோம், இன்னொருவரை விட்டுவிடுவோம். எந்தப் போனிலிருந்து அழைப்பது என்பதுதான் சிக்கல். இறந்தவரின் எண்ணிலிருந்து அழைத்தால் எதிர்முனை “சொல்லுக்கா” என்று சிரித்துக்கொண்டே எடுக்கும். அது கொடுமை. நம் எண்ணிலிருந்து அழைத்தால் தெரியாத எண் என்று வயதானவர்கள் எடுப்பதில்லை. இரண்டு முறை நம் எண்ணிலிருந்து பார்த்துவிட்டு, மூன்றாவதாக அவர் எண்ணிலிருந்து அழைத்தோம். எடுத்ததும், எதிர்முனை பேசுவதற்கு முன், “நான் அவங்க மருமக பேசுறேன்” என்றாள் அவள். பிறகு செய்தி, வீடு இருக்கும் இடம், எடுக்கும் நேரம். செல்வி பன்னிரண்டு மணிக்கு முன்பே வந்துவிட்டார்.

ஸ்மார்ட் போன் என்றால் இன்னும் மோசம். அணைந்து மீண்டும் எழுந்தால் கைரேகை போதாது, கடவுச்சொல் கேட்கும். அது தெரியாவிட்டால் ஒரு பெண்ணின் மொத்தத் தோழமையும் அந்தக் கண்ணாடிக்குள் அடைபட்டுப் போகும். திறந்துவிட்டாலோ வேறு ஆபத்து. பட்டியலில் உறவுக்குள் அடங்காத ஓர் ஆண் பெயர் வந்தால் “யாரு இந்த ஆளு?” என்று கேட்க ஒருவர் இருப்பார். துக்கம் சொல்லும் வேலை விசாரணையாக மாறிவிடும். பிணத்தை நடுவீட்டில் வைத்துக்கொண்டு அவள் ஒழுக்கத்தைச் சோதிக்கிற கூட்டத்தை நான் பார்த்திருக்கிறேன். அதனால் பட்டியலைப் பிரிப்பவள், கேள்வி கேட்காதவளாக இருக்கவேண்டும். அவளை இறந்தபின் வீடு தேர்ந்தெடுக்க முடியாது. உயிரோடு இருக்கும்போது நாம்தான் சொல்லி வைக்கவேண்டும். வங்கிக் கணக்குக்கு நாமினி எழுதுகிறோம். இதற்கு ஒரு பெயர் எழுத எது தடுக்கிறது?

என் கடவுச்சொல் என் தோழி ஒருத்தியிடம் இருக்கிறது. அவளே நேரில் பேசவேண்டிய மூன்று எண்களும், யாரும் அழைக்கக் கூடாத ஓர் எண்ணும் ஒரு தாளில் எழுதி அவளிடம் கொடுத்திருக்கிறேன். தம்பியிடமும் இதைச் சொல்லிவிட்டேன். “அப்ப நான் எதுக்குக்கா இருக்கேன்?” என்றான். பந்தலுக்கும் ஐஸ் பெட்டிக்கும் சொல்ல ஆள் வேண்டுமே என்றேன்.