‘பரவாயில்லை’க்கு முந்தைய வரி

நெடுநாள் தோழி ஒருவர் கைப்பேசியில் ஒரே மூச்சாக ஒரு நீண்ட பத்தியை அனுப்புகிறார். அது இவ்வாறு இருப்பதாகக் கொள்வோம்:

“கல்யாணத்துக்கு வந்தே, பந்தியில்கூட உட்காராம கிளம்பிட்டே. பத்து நாள் ஆஸ்பத்திரியில இருந்தேன், உன்கிட்டேயிருந்து ஒரு போன்கூட இல்லை. உனக்கு எப்பவுமே நான் கடைசிதான். வியாழக்கிழமை காலை ஒன்பதரைக்கு மறுபடி ஸ்கேன். பையனுக்கு லீவு கிடைக்கலை. பரவாயில்லை, ஆட்டோ பிடிச்சுப் போயிடுவேன். நீ பதில் போட வேண்டாம்.”

படித்தவருக்கு உடனே கை துடிக்கிறது. இரண்டு முறை அழைத்ததும், மகன்தான் எடுத்துப் பேசினான் என்பதும் அவருக்கு நினைவிருக்கிறது. அதை எழுதினால் வழக்கில் வெல்லலாம். வியாழக்கிழமை தோழி தனியாகத்தான் போவார்.

இத்தகைய பத்தியில் மூன்று இழைகள் பின்னிக் கிடக்கின்றன. முறையீடு பெரும்பாலும் இறந்தகாலத்தில் இருக்கும். நாள் குறித்துச் சரிபார்க்கக் கூடியது. பந்தியும் போனும் அவ்வகை. ‘எப்பவுமே நான் கடைசிதான்’ என்பதும் முறையீடு போலத் தோன்றும். ஆனால் அதைச் சரிபார்க்க இயலாது, அது உணர்வு. நம் மொழியில் ‘கூட’ என்னும் சிறு சொல்லும் அதற்கு அடையாளம். ‘போன் இல்லை’ என்பது செய்தி. ‘போன்கூட இல்லை’ என்பது வலி. இங்கே அந்த வலியின் அடியில் அச்சம் இருக்கிறது. இரண்டாம் முறை ஸ்கேன் எடுக்கச் சொன்னால் யாருக்குத்தான் நெஞ்சு படபடக்காது?

வேண்டுகோளைக் கண்டுபிடிப்பதுதான் கடினம், ஏனெனில் அது கேள்வியாக வராது. குறை சொல்வதற்குத் தேவையே இல்லாத விவரம் எங்கே வந்திருக்கிறது என்று பார்க்க வேண்டும். கிழமையும் ஒன்பதரை மணியும் எதற்காக? அவற்றை அடுத்து ‘பரவாயில்லை’ வருகிறது. கேட்க வாயெடுத்தவர், மறுப்புக்கு அஞ்சித் தாமே மடக்கிக்கொண்ட இடம் அது. ‘பதில் போட வேண்டாம்’ என்பதையும் அப்படியே எடுத்துக்கொள்ளலாகாது.

ஆயினும் இது ஊகமே. தோழிக்குத் துணை தேவைப்படாமல், மனம் விட்டுப் பேச ஓர் ஆள் மட்டும் தேவைப்படலாம். ஆகையால் கண்டதை முடிவாக அறிவிக்காமல், அவர் திருத்துவதற்கு இடம் விட்டு எழுத வேண்டும். வரிசையும் முக்கியம்: முதலில் உணர்வு, பிறகு வேண்டுகோள், முறையீடு கடைசியில். முறையீட்டை அறவே விட்டுவிட்டால், மழுப்பியதாகத் தோன்றும்.

“மறுபடி ஸ்கேன்னா பயமாத்தான் இருக்கும். வியாழக்கிழமை ஒன்பது மணிக்கு உன் வீட்டுக்கு வரட்டுமா, இல்லை இன்னிக்கு ராத்திரி பேசினாப் போதுமா? பந்தியில உட்காராம வந்தது தப்புதான். போன் விஷயத்தை நேர்ல சொல்றேன்.”

கால் மணி நேரத்தில் பதில் வந்தது: “எட்டே முக்காலுக்கே வந்துடு. வெறும் வயித்தோட வரச் சொல்லியிருக்காங்க. நீ சாப்பிட்டுட்டு வா.”