ஒரு வாரம் வெள்ளம், மீதி நாள் மணல்: பாலாறு வறண்டதுக்கும் ஜவ்வாது மலைக் காட்டுக்கும் என்ன தொடர்பு?

ஆம்பூரில் பாலாற்றைப் பார்த்தால் பெரும்பாலான மாதங்கள் மணலும் முள்செடியும்தான் தெரியும். ஆனால் 2021 நவம்பரில் இதே பாலாற்றில், வாலாஜா அருகே உள்ள அணைக்கட்டைத் தாண்டி விநாடிக்கு 1 லட்சம் கன அடிக்கு மேல் தண்ணீர் ஓடியது. வேலூர் மழையே இல்லாத ஊரும் கிடையாது. அப்புறம் ஏன் ஆறு காய்கிறது?

கர்நாடகா, ஆந்திராவில் மேலே கட்டிய தடுப்பணைகள் ஒரு காரணம். மணல் அள்ளியது இன்னொன்று. அதிகம் பேசப்படாதது, நம்ம பக்கமே இருக்கிற ஜவ்வாது மலையில் காடு குறைந்தது.

காட்டை வெட்டினால் மழை நின்றுவிடுமா?

முழுசா நிற்காது. வடகிழக்குப் பருவமழைக்கான ஈரம் வங்கக்கடலிலிருந்து வருகிறது. மலையில் மரம் இருக்கா இல்லையா என்று அது பார்ப்பதில்லை. கோடையில் சாயங்காலம் இடியோடு வரும் மழைக்கு மட்டும் மரங்கள் வெளிவிடும் ஈரமும் கொஞ்சம் உதவும். பெரிய மாற்றம், மழை தரையில் விழுந்த பிறகுதான்.

ஒரு கணக்கு பாருங்க. ஒரு ஏக்கரில் 50 மி.மீ. மழை பெய்தால் சுமார் 2 லட்சம் லிட்டர். 12,000 லிட்டர் லாரி என்றால் 17 லாரி தண்ணீர். காட்டில் சருகும் வேரும் மண்ணைப் பொலபொலவென்று வைத்திருப்பதால் இதில் பெரும்பகுதி உள்ளே இறங்கி, பாறை இடுக்குகளில் தங்கி, மெல்ல ஓடைக்கு வரும். மொட்டை மலையில் மழைத்துளி நேரடியாக மண்ணை அடித்து இறுக்கிவிடும். தண்ணீர் சில மணி நேரத்தில் கீழே ஓடிவிடும், மேல்மண்ணையும் எடுத்துக்கொண்டு. அந்த மண் ஏரிகளில் வண்டலாகச் சேர்ந்து, ஏரியின் கொள்ளளவைக் குறைக்கும்.

தோல் தொழில் பகுதிக்கு இது இரட்டை அடி. தோல் கெடாமல் இருக்கப் போடும் உப்பு, டேனரி கழிவுநீரோடு நிலத்தடி நீரில் கலந்தது. இது சம்பந்தமான வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996-லேயே தீர்ப்பு சொன்னது. புது மழைநீர் கீழே இறங்கினால் அந்த உப்பு நீர்த்துப்போகும். இறங்காவிட்டால் கிணற்றிலும் வயலிலும் உப்பு அப்படியே நிற்கும்.

நாகநதியில் நடந்தது

ஜவ்வாது மலையிலிருந்து வரும் நாகநதியும் இப்படித்தான் வறண்டது. நூறு நாள் வேலைத் திட்டத்துப் பெண்கள் ஓடைகளில் கல் தடுப்புகள் போட்டு, நீர் செறிவூட்டும் கிணறுகள் தோண்டினார்கள். நதி மீண்டதைப் பிரதமர் மோடி 2021 செப்டம்பரில் 'மனதின் குரல்' நிகழ்ச்சியில் குறிப்பிட்டார். கல் தடுப்பு செய்வது, சருகும் வேரும் செய்த அதே வேலைதான்: தண்ணீரின் வேகத்தைக் குறைப்பது.

மரம் நட்டால் உடனே ஆறு ஓடும் என்றும் நினைக்க வேண்டாம். மரமும் தண்ணீர் குடிக்கும். தைலமரம் மாதிரி வேகமாக வளர்வது இன்னும் அதிகம் குடிக்கும். உள்ளூர் மரங்களும் புதரும் சேர்ந்து சருகு மூடிய தரை உருவாகப் பல வருஷம் பிடிக்கும்.

உங்க ஊர் ஓடையைக் கவனித்தாலே நிலைமை தெரியும். மழை விட்ட மறுநாளே வற்றி, வந்த தண்ணீரும் செந்நிறமாக இருந்தால் மேலே மண் அரிக்கிறது. சில வாரம் தெளிவாக ஓடினால் மலை இன்னும் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கிறது.