ஷெயார் பண்ணாதவங்க பட்டியல்

மட்டக்களப்பில கடை, ஹோட்டல் எண்டு பல இடத்திலயும் இது நடக்குது. வேலைக்காரரின் வட்ஸ்அப் குறூப்புக்குக் கம்பனி விளம்பரம் வரும். “இரவுக்குள்ள எல்லாரும் ஷெயார் பண்ணி ஸ்கிரீன்சொட் போடுங்க” எண்டு மனேஜர் எழுதுவார். இதுக்குப் பேர் விருப்பமா? பத்துப் பேரின் பக்கத்தில ஒரே வாசகம் வந்தால், அது கட்டளை எண்டு பார்க்கிறவருக்கு விளங்காதா?

அமெரிக்காவில சண்டே ரைலி எண்ட அழகுப்பொருள் நிறுவனம், தன் ஊழியர்களையே வாடிக்கையாளர் மாதிரி செஃபோரா தளத்தில விமர்சனம் எழுத வைத்தது. 2019இல் அந்நாட்டு வர்த்தக ஆணைக்குழு அதை ஏமாற்று எண்டு குற்றஞ்சாட்டியது.

ஊழியருக்கு நாலு விதி போதும். இங்க வேலை செய்யிறன் எண்டு சொல்லுங்க. சொந்த வார்த்தையில எழுதுங்க. வாடிக்கையாளரின் படத்தை அவரைக் கேட்காமப் போடாதீங்க. கோபமா வாற கொமெண்டுக்கு நீங்க பதில் சொல்லாம கம்பனிக்கு அனுப்புங்க.

முதலாளிக்கு ஒரே விதி: ஆர் ஷெயார் பண்ணல்ல எண்டு எண்ணாதீங்க. பாசிக்குடா ஹோட்டல் சமையல்காரர் தான் ஆக்கின வாவி நண்டின் படத்தை ஆரும் சொல்லாமலே போடுவார். தள்ளுபடி போஸ்டரை அவர் ஏன் போடோணும்?