அம்புக்குறிக்குள் மறைந்திருக்கும் நாட்கள்

நிர்ப்பீடன வகுப்புகளில் நாம் எல்லோரும் காட்டும் ஒரு பாய்ச்சற்படம் உண்டு. இடது ஓரத்தில் பிறபொருளெதிரியாக்கி. அதை ஏந்திவரும் கலத்திலிருந்து உதவி டீ கலத்துக்கு ஓர் அம்பு, அங்கிருந்து பீ கலத்துக்கு இன்னோர் அம்பு. பீ கலம் இரண்டாகக் கிளைத்து, ஒரு கிளையில் பிளாஸ்மா கலமும் பிறபொருளெதிரியும், மறு கிளையில் ஞாபகக் கலமுமாகப் படம் முடிகிறது. இதில் பிழை ஒன்றும் இல்லை. ஆனால் எல்லா அம்புகளும் ஒரே நீளத்தில் வரையப்பட்டிருக்கின்றன. எந்த அம்பு ஒரு நாள், எந்த அம்பு ஒரு கிழமை என்று படம் சொல்வதில்லை. கிளிநொச்சியிலோ முல்லைத்தீவிலோ நாய்க்கடியோடு வருபவரைப் பார்க்கும் வைத்தியருக்கும் தாதிக்கும் தேவைப்படுவது அந்த நாட்கணக்குத்தான்.

ஒரு நோயாளியை எடுத்துக்கொள்வோம். கொக்கிளாய்ப் பக்கத்துச் சிறுவன், எடை 15 கிலோ. கட்டாக்காலி நாய் கன்னத்தில் ஆழமாகக் கடித்திருக்கிறது. இதற்கு முன் நீர்வெறுப்பு நோய்க்கான தடுப்பூசி எதுவும் போட்டதில்லை. காயத்தைச் சவர்க்காரமும் ஓடும் நீரும் கொண்டு பதினைந்து நிமிடம் கழுவியாயிற்று. தோலுக்குள் போடும் முறையில் 0.1 மில்லிலீற்றர் வீதம் இரண்டு இடங்களில் முதல் தடுப்பூசியும் போட்டாயிற்று. இனிப் படத்தின் முதல் அம்பிலிருந்து எண்ணத் தொடங்கலாம்.

தோலில் போட்ட மருந்தை அங்குள்ள கலங்கள் ஏந்திக்கொண்டு அருகிலுள்ள நிணநீர்க்கணுவுக்குப் போய்ச்சேர ஏறத்தாழ ஒரு நாளோ இரண்டு நாளோ ஆகும். அங்கே அதற்குப் பொருந்தும் டீ கலமும் பீ கலமும் மிகச் சொற்பம். அவை ஒன்றையொன்று கண்டு, பெருகி, சில பீ கலங்கள் அவசரமாகப் பிளாஸ்மா கலங்களாகி முதல் ஐ.ஜி.எம் பிறபொருளெதிரியை வெளியிட இன்னும் சில நாள். நீர்வெறுப்பு வைரசைச் செயலிழக்கச் செய்யும் பிறபொருளெதிரி இரத்தத்தில் தென்படத் தொடங்குவது ஏழாம் நாள் முதல் பத்தாம் நாள் வரையில். போதுமான அளவென்று உலக சுகாதார நிறுவனம் கொள்ளும் மில்லிலீற்றருக்கு 0.5 சர்வதேச அலகை, சுகதேகியாக இருக்கும் ஏறத்தாழ எல்லோரும் பதினான்காம் நாளுக்குள் எட்டிவிடுவார்கள். ஆகவே முதல் கிழமை முழுவதும் இந்தச் சிறுவனிடம் சொந்தமான காப்பு இல்லை.

அந்த இடைவெளியை நிரப்பத்தான் சீரம். மனிதச் சீரமென்றால் கிலோவுக்கு 20 அலகு, இவனுக்கு 300 அலகு. உடற்கூறு இடங்கொடுக்கும் அளவுக்கு அதைக் காயத்துக்குள்ளும் காயத்தைச் சுற்றியும் செலுத்த வேண்டும். கூடுதலாகக் கொடுத்தால் நல்லதுதானே என்று மாணவர்கள் கேட்பார்கள். கூடாது. வெளியிலிருந்து வந்த பிறபொருளெதிரி அளவுக்கு மிஞ்சினால், தடுப்பூசி எழுப்பவேண்டிய சொந்த எதிர்வினை மந்தமாகும். முதல் தடுப்பூசி போட்டு ஏழு நாள் கடந்தபின் சீரம் கொடுக்காததற்கும் காரணம் இந்த அம்புதான். அப்போது சொந்தப் பிறபொருளெதிரி வரத் தொடங்கியிருக்கும்.

இங்கேதான் அடிக்கடி ஒரு தவறு நிகழ்கிறது. அந்த ஏழு நாளைக் கடித்த நாளிலிருந்து எண்ணிவிடுகிறார்கள். எண்ணவேண்டியது முதல் தடுப்பூசி போட்ட நாளிலிருந்து. கடியோடு வந்த வைரசு தசையிலிருந்து நரம்புக்குள் நுழைந்து, நிணநீர்க்கணுவின் கண்ணுக்குப் பெரும்பாலும் தப்பிவிடுகிறது. கடி மட்டும் நம்பத்தகுந்த பிறபொருளெதிரி எதையும் உண்டாக்குவதில்லை. படத்தின் முதல் அம்பு தடுப்பூசியிலிருந்து புறப்படுகிறது, நாயின் பல்லிலிருந்து அல்ல. எனவே வீட்டு வைத்தியம் பார்த்துவிட்டு மூன்று கிழமை கழித்து ஒருவர் மாங்குளத்துக்கு வந்தாலும், அன்றே தடுப்பூசியும் சீரமும் தொடங்க வேண்டும். நோயரும்பு காலம் பெரும்பாலும் ஒன்று முதல் மூன்று மாதம் என்பதால் இன்னும் அவகாசம் இருக்கலாம். முகக்கடியில் அந்த அவகாசம் குறையும்.

இனி மறு கிளை. அதே சிறுவன் எல்லா ஊசிகளையும் முடித்து, இரண்டு ஆண்டுகள் கழித்து மீண்டும் கடிபட்டு வருகிறான் என்று வையுங்கள். உலக சுகாதார நிறுவனத்தின் 2018 வழிகாட்டலின்படி, நிர்ப்பீடனக் குறைபாடு இல்லாதவனாயின், சீரம் வேண்டாம். வந்த அன்றும் அதிலிருந்து மூன்று நாள் கழித்தும் ஒவ்வோர் இடத்தில் ஊசி போட்டால் போதும். பொருத்தமான பீ கலங்கள் இப்போது எண்ணிக்கையில் அதிகம், ஏற்கனவே ஐ.ஜி.ஜி வகைக்கு மாறியவை, வைரசை இறுகப் பற்றும் திறனுக்காகத் தெரிவானவை. ஒரு கிழமைக்குள் பிறபொருளெதிரி செங்குத்தாக ஏறிவிடும்.

ஆனால் ஞாபகக் கலம் பிறபொருளெதிரியைச் சுரப்பதில்லை. மாணவர் மனதில் படம் பதிக்கும் மிகப் பெரிய மயக்கம் இதுவென்று நான் நினைக்கிறேன். ஆண்டுக்கணக்காக இரத்தத்தில் பிறபொருளெதிரியைத் தொடர்ந்து விட்டுக்கொண்டிருப்பவை என்பு மச்சையில் தங்கிய நீண்டகாலப் பிளாஸ்மா கலங்கள். பெரும்பாலான படங்களில் அவற்றுக்கென்று ஒரு பெட்டிகூட இல்லை. ஐ.ஜி.ஜியின் அரைவாழ்வு ஏறத்தாழ 21 நாள். சுரப்பு நின்றால் சில மாதங்களில் அளவு விழுந்துவிடும். ஞாபகக் கலமோ மறுபடி தூண்டப்பட்டுப் பெருகிப் பிளாஸ்மா கலமாக மாற வேண்டும். அதற்கும் சில நாள் தேவை.

அந்தச் சில நாள் கிடைக்குமா என்பதை நோய்தான் முடிவுசெய்கிறது. ஹெபடைடிஸ் பி மெதுவாக, பொதுவாக இரண்டு மூன்று மாதம் எடுத்து வெளிப்படுகிறது. ஆகவே தடுப்பூசிக்குப் பின் போதிய அளவு காட்டிய ஒரு தாதியின் பிறபொருளெதிரி பிற்காலத்தில் 10 மில்லி அலகுக்குக் கீழே இறங்கினாலும், ஞாபகக் கலங்கள் நேரத்துக்கு எழுந்துவிடும். ஏற்புவலி அப்படியல்ல. நோயரும்பு காலம் மூன்று நாளாகவும் இருக்கலாம். நோயை உண்டாக்கப் போதுமான நஞ்சு, ஞாபகக் கலத்தை எழுப்பக்கூடப் போதாத அளவு சிறியது. ஏற்புவலியிலிருந்து பிழைத்தவருக்கும் தடுப்பூசி போட வேண்டியிருப்பது இதனால்தான். இந்த நோயில் நஞ்சு நரம்பை அடையும் வேளையில் பிறபொருளெதிரி ஏற்கனவே இரத்தத்தில் நிற்க வேண்டும். பாடசாலையில் மீளவும் ஊசி போடுவதும், கர்ப்பிணிகளுக்கு ஏற்புவலித் தடுப்பூசி கொடுப்பதும் அந்த இருப்பைக் காப்பதற்கே. தாயின் ஐ.ஜி.ஜி சூல்வித்தகம் கடந்து சிசுவுக்குப் போகிறது. தாயின் ஞாபகக் கலத்தை நம்பிச் சிசு பிறக்க முடியாது.

வன்னியில் இதற்கு ஒரு தனிக் கனம் உண்டு. 2009இல் இடம்பெயர்ந்து செட்டிகுளம் முகாம்களுக்குப் போன பிள்ளைகள் இன்று சிகிச்சை நிலையங்களுக்குக் கர்ப்பிணிகளாக வருகிறார்கள். அவர்களில் பலருடைய தடுப்பூசிப் பதிவேடுகள் அந்தப் பயணத்தோடு போய்விட்டன. ஞாபகக் கலம் உடம்பில் இருக்கலாம். அதை எண்ணிச் சொல்லும் சோதனை எந்த மாவட்ட வைத்தியசாலையின் அன்றாட வேலையிலும் இல்லை. “சின்ன வயசில போட்டது எண்டு அம்மா சொன்னவ” என்பது அட்டவணையைக் குறைக்கப் போதாது. பதிவு இல்லையென்றால் போடாதவர் என்றே கொண்டு முழு அட்டவணையையும் தொடங்க வேண்டும். ஏற்கனவே போட்டவருக்கு ஓர் ஊசி கூடினால் கை வீங்கி வலிக்கலாம். போடாதவருக்குக் குறைந்தால் சிசுவின் உயிர் போகலாம்.

ஆகவே கற்பிக்கும் நண்பர்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த வகுப்புக்கு முன் அந்தப் படத்தைத் திறந்து, ஒவ்வோர் அம்பின் மேலும் நாள் எழுதுங்கள். என்பு மச்சையில் இருக்கும் பிளாஸ்மா கலத்துக்குத் தனிப் பெட்டி போடுங்கள். ஞாபகக் கலத்திலிருந்து பிளாஸ்மா கலத்துக்குத் திரும்பிச் செல்லும் ஓர் அம்பையும் வரையுங்கள். வெளிநோயாளர் பிரிவிலும் கடி சிகிச்சையிலும் இருப்பவர்களுக்கு: ஒவ்வோர் ஊசியின் திகதியையும் தெளிவாக எழுதிய அட்டையை நோயாளியின் கையிலேயே கொடுங்கள், அதைக் கைத்தொலைபேசியில் படமெடுத்து வைக்கவும் சொல்லுங்கள். அடுத்த கடியில் சீரம் வேண்டுமா வேண்டாமா என்பதை அந்த அட்டைதான் சொல்லும்.