பெயருக்குப் பின்னால் வரும் வால்

வானொலியில் விளம்பரம் வாசிக்கும்போது, நேரம் போதவில்லை என்றால் நாங்கள் முதலில் வெட்டுவது நிறுவனப் பெயரின் வாலைத்தான். 'சென்டிரியான் பெர்ஹாட்', 'பிரைவேட் லிமிடெட்' எல்லாம் போய்விடும், பெயர் மட்டும் நிற்கும். கேட்பவருக்கு அதனால் நட்டமில்லை. ஆனால் ஓர் இன்வாய்ஸைக் கையில் வைத்துக்கொண்டு பணம் அனுப்பப் போகிறவருக்கு, அந்த வால்தான் பெயரைவிட முக்கியம்.

'பெர்ஹாட்' என்ற மலாய்ச் சொல்லுக்கு 'வரம்புக்குட்பட்ட' என்று பொருள். வரம்பு எதற்கு? முதலாளியின் பொறுப்புக்கு. கம்பெனி கடன்பட்டு மூழ்கினால், பங்குதாரர் போட்ட முதலோடு அவருடைய நட்டம் முடிந்துவிடும். அவர் வீட்டையோ காரையோ கடன்காரர் தொட முடியாது. இது நமக்குத் தெரிந்த கதை. வெளிநாட்டுப் பெயர்களின் வாலும் இதையேதான் சொல்கிறது. நமக்கு அந்த மொழி புரியாததால் அதைக் கவனிக்காமல் விட்டுவிடுகிறோம்.

இந்த வாரம் ஒரே ஒரு நாட்டை எடுத்துக்கொள்வோம்: ஜெர்மனி. உணவு பேக்கிங் இயந்திரம், பல் மருத்துவக் கருவி, அச்சு இயந்திரம் என்று நம் சிறு வணிகர்கள் அங்கிருந்து வாங்குவது உண்டு. அந்நாட்டு வால்களுக்குள் அடங்கியிருக்கும் செய்தியும் அதிகம்.

நீங்கள் அதிகம் பார்த்திருக்கக்கூடிய வால் GmbH. ஜெர்மானியர் இதை 'கே-எம்-பே-ஹா' என்பார்கள். விரித்தால் 'கெசெல்ஷாஃப்ட் மிட் பெஷ்ரெங்க்டெர் ஹாஃப்டுங்', அதாவது வரம்புக்குட்பட்ட பொறுப்புள்ள நிறுவனம். 1892-ஆம் ஆண்டுச் சட்டத்தில் பிறந்தது. நம் சென்டிரியான் பெர்ஹாட்டுக்கு அண்ணன் என்று வைத்துக்கொள்ளலாம். ஒரு வித்தியாசம் உண்டு. நம் ஊரில் ஒரு ரிங்கிட் முதலோடுகூட கம்பெனி தொடங்கிவிடலாம். GmbH தொடங்க 25,000 யூரோ முதல் வேண்டும். பதிவுக்கு விண்ணப்பிக்கும் முன் அதில் பாதியாவது செலுத்தியிருக்க வேண்டும். அந்தப் பணம் பெட்டியில் பூட்டி வைக்கப்படுவதில்லை. தொழிலில் செலவாகிப் போகலாம். ஆனாலும் தொடங்கியவர் கையிலிருந்து ஏதோ ஒன்றை உள்ளே போட்டிருக்கிறார் என்பது தெரியும்.

அந்தத் தொகைகூட இல்லாதவர்களுக்காக 2008-இல் ஒரு தம்பியை உருவாக்கினார்கள். அதன் வால் UG (haftungsbeschränkt). இதற்கு ஒரே ஒரு யூரோ போதும். அதற்குப் பதிலாகச் சட்டம் இரண்டு நிபந்தனைகளை வைத்தது. ஆண்டு லாபத்தில் கால் பங்கை ஒதுக்கிச் சேர்த்துக்கொண்டே வரவேண்டும். அடைப்புக்குறிக்குள் இருக்கும் அந்த நீளமான சொல்லைச் சுருக்காமல் முழுதாக எழுத வேண்டும். 'பொறுப்பு வரம்புக்குட்பட்டது' என்பதுதான் அதன் பொருள். எதிரில் இருப்பவர் ஏமாறக்கூடாது என்பதற்காகவே சுருக்கத் தடை. 2012-இல் ஜெர்மனியின் உச்ச சிவில் நீதிமன்றம் ஒரு வழக்கில் இதை உறுதியாகச் சொன்னது: இந்தச் சிறிய வகை நிறுவனத்துக்காகப் பேசுகிறவர் GmbH என்ற பெரிய வாலைப் போட்டுக்கொண்டால், நம்பியவருக்கு அவரே சொந்தமாகப் பதில் சொல்ல நேரும். வால் வெறும் அலங்காரம் அல்ல என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

இனி எதிர்த்திசைக்குப் போவோம். e.K. என்ற இரண்டெழுத்து வால், 'பதிவுபெற்ற வணிகர்' என்று பொருள். இங்கே கம்பெனி என்று தனியாக ஒன்று இல்லை. கடையும் மனிதரும் ஒன்றே. கடையின் கடன் அவருடைய கடன். வீடு, சேமிப்பு எல்லாம் அதற்குப் பதில் சொல்ல வேண்டும். இப்படிப்பட்டவர் சின்னக் கடைக்காரராகத்தான் இருப்பார் என்று நினைக்க வேண்டாம். ஆன்டன் ஷ்லெக்கர் என்பவர் ஜெர்மனி முழுவதும் ஆயிரக்கணக்கான கிளைகள் கொண்ட அழகுசாதன, வீட்டுப் பொருள் கடைகளை இந்த e.K. வடிவில்தான் நடத்தினார். 2012 ஜனவரியில் அது திவாலானபோது, பெரும் செல்வந்தராக இருந்த அவருடைய சொந்தச் சொத்தும் கடன்காரர்களுக்கு உரியதானது. திவால் நெருங்குவது தெரிந்தும் சொத்தைக் குடும்பத்தாருக்கு மாற்றியதற்காக, 2017-இல் ஷ்டுட்கார்ட் நீதிமன்றம் அவருக்கு நிறுத்திவைக்கப்பட்ட 2 ஆண்டு சிறைத்தண்டனை விதித்தது. வரம்புக்குட்பட்ட கம்பெனி வடிவில் நடத்தியிருந்தால், கடையின் கடனுக்காக அவருடைய சொந்தச் சொத்து சாதாரணமாகக் கணக்கில் வந்திருக்காது.

அடுத்து KG. இது இரண்டு வகைப் பங்காளிகள் சேரும் கூட்டு வணிகம். ஒருவர் முழுப்பொறுப்பாளர், கடனுக்கு எல்லையில்லாமல் பதில் சொல்வார். மற்றவர் பணம் போடுகிறவர். பதிவேட்டில் எழுதிய தொகை வரை மட்டுமே அவருக்குப் பொறுப்பு. அந்தத் தொகையை முழுதாகக் கட்டிவிட்டால், கடன்காரர் அவரிடம் கேட்க ஒன்றுமில்லை. அந்தப் பணத்தை அவர் திரும்ப எடுத்துக்கொண்டால் மட்டும் பொறுப்பு மறுபடி உயிர் பெறும்.

KG என்று பார்த்ததும், 'முழுப்பொறுப்பாளர் ஒருவர் இருக்கிறாரே, நல்லது' என்று தோன்றும். அங்கேதான் ஒரு சூட்சுமம். முழுப்பொறுப்பாளர் மனிதராகத்தான் இருக்க வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. அந்த நாற்காலியில் ஒரு GmbH-ஐ உட்கார வைக்கலாம். அப்படி உட்கார வைத்தால் வால் நீளும்: GmbH & Co. KG. ஜெர்மனியின் நடுத்தரக் குடும்ப நிறுவனங்களில் மிகப் பரவலான வடிவங்களுள் இது ஒன்று. எல்லையில்லாப் பொறுப்பு காகிதத்தில் இருக்கிறது. ஆனால் அதைச் சுமப்பது ஒரு சின்னக் கம்பெனி. அதன் பின்னால் இருக்கும் மனிதர்கள் பத்திரமாக இருக்கிறார்கள்.

ஓர் உதாரணம் வைத்துப் பார்ப்போம். கிள்ளானில் தின்பண்டம் தயாரிக்கும் ஒரு குடும்பம் 60,000 யூரோ விலையுள்ள பேக்கிங் இயந்திரத்துக்கு ஆர்டர் கொடுத்து, 18,000 யூரோ முன்பணம் அனுப்புகிறது. விற்பவர் ஒரு GmbH & Co. KG. இயந்திரம் வரும் முன்பே அது திவாலாகிறது. அடமானம் பெற்ற வங்கி தன் பங்கை எடுத்துக்கொண்ட பிறகு, மற்றவர்களுக்குத் தர வேண்டிய கடன் 500,000 யூரோ என்று வைத்துக்கொள்வோம். மீதி இருப்பதை விற்றால் 100,000 யூரோ கிடைக்கிறது. முழுப்பொறுப்பாளரான GmbH-இடம் அதன் முதல் 25,000 யூரோ இன்னும் அப்படியே இருக்கிறது. பணம் போட்ட பங்காளிகள் தங்கள் தொகையைக் கட்டிவிட்டார்கள். அவர்களிடம் கேட்க முடியாது. ஆக 500,000-க்கு 125,000. நான்கில் ஒரு பங்கு. நம் குடும்பத்துக்குத் திரும்புவது 4,500 யூரோ. திவால் நடவடிக்கைச் செலவைக் கழித்தால் இன்னும் குறையும், வந்து சேர வருடக்கணக்கில் ஆகலாம்.

அதே விற்பனையாளர் ஒரு e.K. ஆக இருந்து, அவருக்குக் கடனில்லாத 300,000 யூரோ மதிப்புள்ள வீடு இருந்தால்? அதுவும் கணக்கில் சேர்ந்து 400,000 ஆகும். நம் குடும்பத்துக்கு 14,400 யூரோ வரை வரலாம். அவருடைய சொந்தக் கடன்காரர்களும் அதில் பங்கு கேட்பார்கள் என்பதால் அதிலும் குறையலாம். எப்படி இருந்தாலும் வித்தியாசம் புரிகிறதல்லவா? இயந்திரம் ஒன்றே, முன்பணமும் ஒன்றே. வால் மட்டும் வேறு.

இதை நீங்களே சரிபார்க்கலாம். ஜெர்மன் கம்பெனிகள் தங்கள் வணிகக் கடிதத்தில் வடிவம், தலைமையிடம், பதிவு நீதிமன்றம், பதிவு எண் ஆகியவற்றைப் போட்டாக வேண்டும். பெரும்பாலும் பக்கத்தின் அடியில் சிறிய எழுத்தில் இருக்கும். எண் HRB என்று தொடங்கினால் GmbH, UG போன்ற கம்பெனி. HRA என்றால் தனி வணிகர் அல்லது கூட்டு வணிகம். ஒரே தாளில் இரண்டும் இருந்தால், நீங்கள் பார்ப்பது பெரும்பாலும் GmbH & Co. KG தான்: HRA கூட்டுக்கு, HRB அதன் முழுப்பொறுப்பாளர் கம்பெனிக்கு. அந்த எண்ணை handelsregister.de என்ற அதிகாரப்பூர்வப் பதிவேட்டில் தேடலாம். 2022 ஆகஸ்டிலிருந்து இதற்குக் கட்டணம் இல்லை. பங்காளிகளின் பெயரும் அவர்களின் பொறுப்புத் தொகையும் அதில் தெரியும். வாலுடன் i. G. என்று சேர்ந்திருந்தால் இன்னும் பதிவாகாத நிறுவனம், i. L. என்றால் கலைக்கப்பட்டுவரும் நிறுவனம். இரண்டாவதைக் கண்டால் முன்பணம் அனுப்பும் கையை அங்கேயே நிறுத்துங்கள்.

ஆனால் வாலை வைத்து ஒருவர் நல்லவரா, வசதியானவரா என்று முடிவு செய்ய முடியாது. உலகப் புகழ்பெற்ற பாஷ் நிறுவனமும் ஒரு GmbH தான். நேற்று தொடங்கிய இருவர் கம்பெனியும் GmbH ஆக இருக்கலாம். எல்லையில்லாப் பொறுப்புள்ள வணிகரிடம் வாடகை வீடும் பழைய காரும் மட்டும் இருந்தால், அந்த எல்லையின்மையால் நமக்கு என்ன கிடைக்கும்? பணம் போய்விட்டால் யார் கதவைத் தட்டலாம் என்பதைத்தான் வால் சொல்லும். கதவுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்பதைச் சொல்லாது.

அதனால் வாலைப் படித்த பிறகு கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: 'முன்பணத்துக்கு வங்கி உத்தரவாதம் தருவீர்களா?' விற்பவர் இயந்திரத்தைத் தரத் தவறினால், அவருடைய வங்கி உங்கள் பணத்தைத் திருப்பித் தரும் என்ற உறுதிமொழி அது. இயந்திர வணிகத்தில் இது வழக்கமான கேள்வி. யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள். சிறு விற்பனையாளரால் அதைத் தர முடியாவிட்டால், முன்பணத்தைக் குறைத்து, மீதியை லெட்டர் ஆஃப் கிரெடிட் வழியாக, சரக்கு கப்பலேறியதற்கான ஆவணம் வந்த பிறகு கிடைக்கும்படி செய்யலாம். உத்தரவாதம் கைக்கு வந்துவிட்டால், நீங்கள் நம்ப வேண்டியது வங்கியை. வால் எதுவாக இருந்தாலும் அந்த 18,000 யூரோவுக்குப் பயமில்லை.